டி.டி.எஸ். மீட்டருக்குத் தெரியாதவை

ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருபவர் பையிலிருந்து முதலில் எடுப்பது பேனா அளவுள்ள ஒரு டி.டி.எஸ். மீட்டர். வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து மீட்டரை நுழைக்கிறார். 640 என்று காட்டுகிறது. தான் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் நுழைக்கிறார். 35. "பாருங்கம்மா, இதைத்தான் இத்தனை நாளா குழந்தைங்களுக்குக் கொடுத்துட்டிருந்தீங்க" என்கிறார். அதோடு நிற்பதில்லை. நான்கு உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டு டம்ளர்களிலும் வைத்து மின் இணைப்பைக் கொடுக்கிறார். ஒரே நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் துருப்பிடித்த வாளியைக் கழுவியதுபோல் பழுப்பாகி, கறுத்த கசடு மிதக்கிறது. பாட்டில் தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிடும்.

அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. நான்கு கம்பிகளில் இரண்டு இரும்பு, இரண்டு அலுமினியம். உப்புகள் கரைந்த நீரில் மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து, இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரிந்து பழுப்பாக மிதக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் மின்சாரம் அதிகம் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை. அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுத் திரும்பச் செய்யச் சொன்னால் அதுவும் பழுப்பாகும். வீட்டு மின்சாரத்தை நேராகத் தண்ணீருக்குள் விடும் கருவி அது என்பதால் இந்தச் சோதனையை நாமே செய்து பார்க்கக் கூடாது. விற்பவரையே செய்யச் சொல்லலாம்.

கசடு காட்டும் கருவி வெறும் வித்தை. டி.டி.எஸ். மீட்டர் அப்படியல்ல, நேர்மையான கருவிதான். அது சொல்வது ஒன்று, நாம் புரிந்துகொள்வது வேறொன்று என்பதுதான் சிக்கல்.

டி.டி.எஸ். என்றால் நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு. ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. இதை உள்ளபடி அளக்க வேண்டுமானால் நீரை வடிகட்டி, ஆய்வகச் சூளையில் முற்றிலும் ஆவியாக்கி, அடியில் தங்கியதை எடை போட வேண்டும். பேனா மீட்டருக்குள் தராசு எதுவும் இல்லை. அதன் நுனியில் இரண்டு சிறிய மின்முனைகள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டும் அது பார்க்கிறது. சோடியம், கால்சியம், குளோரைடு, பைகார்பனேட் போன்ற மின்னேற்றம் பெற்ற அயனிகள் நீரில் அதிகமாக இருந்தால் மின்சாரம் நன்றாகப் பாயும். அந்த மின்கடத்துதிறனை 0.5 முதல் 0.7 வரையுள்ள ஏதோ ஓர் எண்ணால் பெருக்கித் திரையில் பி.பி.எம். என்று காட்டுகிறது. எந்த எண்ணால் பெருக்குவது என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். ஒரே டம்ளர் தண்ணீரில் ஒரு மீட்டர் 500 என்றும் இன்னொன்று 700 என்றும் காட்டினால் இரண்டில் ஒன்று பழுது என்று பொருளல்ல. பெருக்கும் எண் வேறாக இருக்கலாம்.

சமையலறையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் அரை கிராம் சமையல் உப்பைக் கரைத்து மீட்டரை வைத்தால், 0.5 பெருக்கம் உள்ள மீட்டரில் அளவு 500 ஐ ஒட்டி உயரும். இன்னொரு லிட்டரில் அதே அரை கிராம் சர்க்கரையைக் கரையுங்கள். எண் அசையாது. சர்க்கரையும் கரைந்த திடப்பொருள்தான். ஆனால் அது அயனியாகப் பிரிவதில்லை, மின்சாரத்தைக் கடத்துவதில்லை. மீட்டரைப் பொறுத்தவரை அது அங்கே இல்லை. பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவையும் சாயப்பட்டறைக் கழிவிலுள்ள கரிமப் பொருள்கள் பலவும் பெட்ரோலும் இதே கதைதான். பாக்டீரியாவும் வைரஸும் கரைந்த பொருள்களே அல்ல என்பதால் அவை மீட்டரின் கணக்கிலேயே வருவதில்லை.

இப்படிச் சொல்வதால் மீட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதற்கென்று உண்மையான பயன்கள் உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. பாதுகாப்பானதுக்கும் நஞ்சுக்கும் நடுவே போட்ட எல்லைக்கோடு அல்ல 500. அதற்கு மேலே போகப் போகச் சுவை கெடும், பாத்திரத்தில் உப்புப் படியும், ஹீட்டர் கம்பி சீக்கிரம் வீணாகும், சிலருக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. 2000 தாண்டினால் குடிக்கவே பிடிக்காது. கடலோர ஊர்களில் ஒரே போர்த் தண்ணீரை மாதம் ஒருமுறை அளந்து குறித்து வைப்பது மிகவும் நல்ல பழக்கம். கடல்நீர் உள்ளே ஏறினால் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் மெம்பிரேன் எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் இதைவிட எளிய வழி இல்லை. உள்ளே போகும் நீர் 800, வெளியே வருவது 60 என்றால் நன்றாக வேலை செய்கிறது. அதே உள்நீருக்கு வெளிநீர் 200 ஆகிவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒரே மீட்டரை, ஒரே இடத்தில், நாள்பட வைத்து ஒப்பிடும்போதுதான் இந்தப் பயன்களெல்லாம் கிடைக்கின்றன.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. மீட்டரை நீரில் வைத்ததும் இலேசாக அசைத்து, மின்முனைகளில் ஒட்டிய காற்றுக்குமிழிகளை விடுவிக்க வேண்டும். நீர் சூடாக இருந்தால் ஆறும்வரை பொறுக்க வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் மின்கடத்துதிறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். மீட்டர் அதைத் தானே சரிசெய்யும் என்றாலும் அதற்கு அரை நிமிடமாவது ஆகும். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் நுனியை நல்ல நீரில் அலச வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, கடையில் கிடைக்கும் அளவு தெரிந்த உப்புக்கரைசலில் வைத்துச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இனி விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புளோரைடு என்ற சொல் பாமர மக்களுக்கும் தெரியும். அங்குள்ள பாறைகளில் புளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. நிலத்தடி நீர் அவற்றோடு ஆண்டுக்கணக்காகக் கிடக்கும்போது புளோரைடு நீரில் இறங்குகிறது. ஐ.எஸ். 10500 இதற்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 1.5. அதற்கு மேல் உள்ள நீரைப் பல் முளைக்கும் வயதுக் குழந்தைகள் தொடர்ந்து குடித்தால் பற்களில் பழுப்புக் கறைகள் விழுகின்றன. அந்தக் கறை தேய்த்தால் போகாது. 3 மில்லிகிராமையும் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். முதுகு வளையாமல் விறைக்கும். இந்தப் பாதிப்புக்காகவே காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே புளோரோசிஸ் என்ற நோயின் பெயரும் சேர்ந்திருக்கிறது.

அந்தப் பகுதியில் இரண்டு கிணறுகள் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் கிணற்றின் டி.டி.எஸ். 1100. கடினநீர், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, நாக்கில் உப்பு கரிக்கும். இரண்டாவது கிணற்றில் 620. மென்மையான நீர், சோப்பு நன்றாக நுரைக்கும், குடிக்க இனிமையாக இருக்கும். மீட்டரைக் கையில் வைத்திருப்பவர் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார். மீட்டர் இல்லாதவரும் அதையே செய்வார். முதல் கிணற்றில் புளோரைடு 0.9 ஆகவும் இரண்டாவதில் 3 ஆகவும் இருந்தால்?

இது வெறும் கற்பனை ஆட்டம் அல்ல. வேதியியலே இப்படித்தான் இழுக்கிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது புளோரைடைப் பிடித்து, கால்சியம் புளோரைடாகப் படியவைத்துவிடும். அதனால் கடினநீரில் புளோரைடு ஓர் அளவுக்கு மேல் ஏற முடியாது. கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த மென்மையான நீரில்தான் புளோரைடு தடையின்றிக் கரைந்து நிற்கிறது. எல்லா மென்னீரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் புளோரைடுப் பாறை உள்ள ஊரில் "நல்ல தண்ணி" என்று நாக்கு சொல்வதையும் குறைந்த எண் என்று மீட்டர் சொல்வதையும் நம்பி ஒரு கிணற்றைத் தேர்ந்தெடுப்பது மோசமான கிணற்றை நோக்கியே கொண்டுபோய்விடக்கூடும்.

மீட்டரின் துல்லியம் இன்னும் கூடினால் புளோரைடைப் பிடித்துவிடலாமே என்று கேட்கலாம். 620 காட்டும் மீட்டரின் பிழை 2 சதவீதம் என்றால் கூடக்குறைய 12 பி.பி.எம். இருக்கும். புளோரைடு 1.5 இலிருந்து 3 ஆக இரட்டித்தால் திரையில் நான்கைந்து பி.பி.எம். மாறலாம். அந்த மாற்றம் பிழைக்குள்ளேயே மூழ்கிப்போகும். பிழையே இல்லாத மீட்டர் கிடைத்தாலும் அந்த நான்கு பி.பி.எம். புளோரைடால் கூடியதா, சாதாரண உப்பால் கூடியதா என்று அதற்குத் தெரியாது. எல்லா அயனிகளையும் ஒரே கூட்டலில் போட்டுவிடும் கருவி அது. ஆர்சனிக்கும் ஈயமும் இன்னும் நுண்ணியவை. அவற்றின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். முழு எண்ணாக மட்டும் காட்டும் திரையில் அதற்கு இடமே இல்லை.

இதனால்தான், ஆர்.ஓ. வாங்கலாமா வேண்டாமா என்பதை டி.டி.எஸ். எண்ணை வைத்து முடிவு செய்வது தவறு என்று நினைக்கிறேன். 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. இயந்திரங்களுக்குத் தடை விதிக்கும்படி உத்தரவிட்டது. ஒவ்வொரு லிட்டருக்கும் பல லிட்டர் நீரைச் சாக்கடையில் விடும் இயந்திரங்களைத் தேவையில்லாத வீடுகளில் ஓட்டக் கூடாது என்ற அக்கறை முழுக்க நியாயமானது. ஆனால் 400 டி.டி.எஸ்.ஸும் 3 மில்லிகிராம் புளோரைடும் உள்ள வீட்டுக்கு ஆர்.ஓ. உண்மையிலேயே தேவை, அது புளோரைடைப் பெருமளவு நீக்கும். 800 டி.டி.எஸ்., வேறு குறையில்லை என்ற வீட்டுக்குச் சுவையைத் தவிர ஆர்.ஓ.வால் பெரிய லாபமில்லை. முதல் வீட்டை எண் காப்பாற்றாது, இரண்டாவது வீட்டை எண் செலவு செய்ய வைக்கும்.

கலங்கலுக்கு வருவோம். டி.டி.எஸ். கரைந்ததை அளக்கிறது, கலங்கல் அளவி கரையாமல் மிதப்பதைப் பார்க்கிறது. ஜன்னல் வழியே விழும் வெயில் கீற்றில் தூசு மின்னுவதை நாம் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் அல்லவா, ஆய்வகக் கலங்கல் அளவியும் அப்படித்தான் பார்க்கிறது. கண்ணாடிக் குப்பியில் உள்ள நீருக்குள் ஒளியைச் செலுத்தி, அதற்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் எவ்வளவு ஒளி சிதறி வருகிறது என்று பார்க்கும். அளவின் பெயர் என்.டி.யு. இந்தியத் தர அளவு 1 என்.டி.யு. என்கிறது, வேறு வழியில்லாதபோது 5. நம் கண்ணுக்குக் கலங்கல் தெரியத் தொடங்குவதே 4, 5 என்.டி.யு.வில்தான். அதாவது, கண்ணாடி டம்ளரில் பளிச்சென்று தெரியும் நீர் தர அளவைத் தாண்டியிருக்க முடியும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளிலும் பஞ்சாயத்துத் தொட்டிகளில் பொருத்தும் புதிய கருவிகளிலும் இப்போது ஒரு மலிவான கலங்கல் சென்சாரைப் பார்க்கிறேன். துணியோ பாத்திரமோ கழுவிய நீர் தெளிந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகக் கழுவும் இயந்திரங்களில் வைக்கப்படும் சென்சார் அது. பக்கவாட்டில் சிதறும் ஒளியை அது பார்ப்பதில்லை; நேராகக் கடந்துவரும் ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறது. சேற்று நீருக்கு அது போதும், தெளிந்த நீருக்குப் போதாது. பலரும் எடுத்துப் பயன்படுத்தும் சமன்பாட்டின்படி, சென்சார் 4.2 வோல்ட் தந்தால் கலங்கல் பூச்சியம், 4.1 வோல்ட் என்றால் ஏறக்குறைய 350 என்.டி.யு. அர்டுயினோ பலகை 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்துப் படிக்கிறது, ஒரு படி சுமார் 5 மில்லிவோல்ட். அந்த ஒரே படிக்கு ஈடாகக் கலங்கல் ஏறக்குறைய 18 என்.டி.யு. மாறிவிடுகிறது. நமக்குத் தெரிய வேண்டியதோ ஒன்றா ஐந்தா என்பது. சென்சாருக்குச் சென்சார் வேறுபடும் மின்னழுத்தம், கண்ணாடியில் படியும் வழுவழுப்பு, குமிழி எல்லாம் அதற்கு மேல். இந்தச் சென்சாரின் திரையில் "0 என்.டி.யு., பாதுகாப்பானது" என்று பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. மழையில் சேறு கலந்த நீர் சம்ப்புக்குள் திடீரென்று புகுந்துவிட்டதா என்று சொல்ல மட்டும் அதை நம்பலாம்.

நல்ல அளவியாக இருந்தாலும் அதைப் படிப்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் பெரும் விலை கொடுத்தது. மிச்சிகன் ஏரி நீரைச் சுத்திகரித்துத் தரும் இரண்டு நிலையங்கள் அந்த நகரத்துக்கு உண்டு. 1993 மார்ச் மாதம் பிற்பாதியில் தெற்கு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் கலங்கல் ஏறத் தொடங்கியது. வழக்கமாக மிகக் குறைவாக இருக்கும் அளவு மார்ச் 28இலும் 30இலும் 1.7 என்.டி.யு.வைத் தொட்டது. கண்ணுக்குத் தெரியாத கலங்கல். அன்றைய விதிகளின்படி அது வரம்புக்குள்தான் இருந்தது. பாக்டீரியா சோதனைகளும் கெடுதல் காட்டவில்லை. ஆனால் நகரில் ஆயிரக்கணக்கானோர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். மருந்துக் கடைகளில் மருந்து தீர்ந்தது, பள்ளிகளும் அலுவலகங்களும் காலியாயின. ஏப்ரல் 7ஆம் தேதி நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி அறிவித்தார்கள், 9ஆம் தேதி தெற்கு நிலையத்தை மூடினார்கள். அதற்குள் பாதிக்கப்பட்டோர் சுமார் 4 லட்சத்து 3 ஆயிரம் பேர் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் பலர் இறந்தார்கள்.

காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. அதன் முட்டை போன்ற உறை 4 முதல் 6 மைக்ரான் அளவுதான். வழக்கமான குளோரின் அளவுக்கு அது சாகாது. மணல் வடிகட்டி சரியாக வேலை செய்தால் மட்டுமே அது நிற்கும். கலங்கல் அளவி அந்த உயிரியைப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அது காட்டியது வேறொன்றை: வடிகட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்பதை. 1.7 என்ற எண்ணை வரம்போடு ஒப்பிட்டவர்களுக்கு அது சரியாகத் தெரிந்தது. அதே நிலையத்தின் முந்தைய நாட்களோடு ஒப்பிட்டால் அது அபாய மணி. அதன் பிறகு அமெரிக்கா தன் விதியை இறுக்கி, வடிகட்டிய நீரின் கலங்கல் பெரும்பாலான நேரம் 0.3 என்.டி.யு.வுக்குள் இருக்க வேண்டும் என்றது.

நம் ஊரில் ஆபத்து வருவது பெரும்பாலும் நிலையத்திலிருந்து அல்ல, குழாயிலிருந்து. இரண்டு நாளைக்கு ஒருமுறை, சில மணி நேரம் மட்டும் நீர் விடும் ஊர்களில் மீதி நேரம் குழாய்கள் காலியாகக் கிடக்கின்றன. பக்கத்திலேயே சாக்கடை ஓடுகிறது. குழாயில் எங்காவது விரிசல் இருந்தால், அழுத்தம் இல்லாத நேரத்தில் அல்லது யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சும் நேரத்தில் சாக்கடை நீர் உள்ளே வரும். ஒரு லிட்டர் குடிநீரில் ஒரே ஒரு மில்லிலிட்டர் சாக்கடை கலந்ததாகக் கொள்வோம். குடிநீரின் டி.டி.எஸ். 400, சாக்கடையின் டி.டி.எஸ். 900 என்றால், கலந்த நீரில் கூடுவது அரை பி.பி.எம். சாக்கடையின் கலங்கல் 200 என்.டி.யு. என்றால் கூடுவது 0.2. இரண்டு கருவிகளிலும் ஒன்றும் தெரியாது. நிறமும் மணமும் மாறாது. ஆனால் சுத்திகரிக்காத சாக்கடையின் 100 மில்லிலிட்டரில் 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை ஈ.கோலை பாக்டீரியாக்கள் இருப்பது சாதாரணம். ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே நம் நீரின் 100 மில்லிலிட்டரில் ஆயிரம் முதல் பத்தாயிரம் வரை வந்துவிடும். தர அளவு கேட்பது 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது.

இதைக் கண்டுபிடிக்க சென்சார்களைவிட மலிவான இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ஒன்று, எஞ்சிய குளோரினைப் பார்ப்பது. நீரில் ஒரு மருந்தைப் போட்டால் குளோரின் இருக்கும் அளவுக்கு ஏற்ப நிறம் வரும். குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். வழக்கமாக நிறம் வரும் குழாயில் ஒரு நாள் நிறமே வரவில்லை என்றால், வழியில் ஏதோ அழுக்கு அந்தக் குளோரினைத் தின்றுவிட்டது அல்லது குளோரினே போடவில்லை. இரண்டில் எதுவானாலும் அன்றைய நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. இன்னொன்று ஹைட்ரஜன் சல்பைடு குப்பி. இந்திய விஞ்ஞானிகள் 1982இல் வெளியிட்ட முறை இது. மருந்து தோய்த்த காகிதம் உள்ள சிறு குப்பியில் குறித்த கோடு வரை நீரை ஊற்றி, மூடி, வீட்டிலேயே ஓர் ஓரத்தில் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வைத்துவிட்டால் போதும். மலத்தோடு வரும் பாக்டீரியா கூட்டம் இருந்தால் நீர் கறுக்கும். சில நிலத்தடி நீரில் இயல்பாகவே உள்ள கந்தக பாக்டீரியாவாலும் கறுக்கலாம். அதனால் கறுத்தால் ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது முறை. கறுக்கவில்லை என்பதை மட்டும் வைத்து நிரந்தரமாக நிம்மதி அடையவும் வேண்டாம். அது அந்த நாளின், அந்தக் குப்பி நீரின் முடிவு.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக்கொள்ளலாம். போர்த் தண்ணீர் குடிக்கும் வீட்டுக்கு நான் கேட்கச் சொல்வது முதலில் புளோரைடு, நைட்ரேட், ஈ.கோலை மூன்றும். நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அது கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. டி.டி.எஸ்., கடினத்தன்மை, இரும்பு எல்லாம் அதே அறிக்கையில் சேர்ந்தே வரும். வேதியியல் சோதனைக்கு, அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசிய சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டராவது பிடிக்க வேண்டும். நுண்ணுயிர்ச் சோதனைக்கு அந்தப் பாட்டில் உதவாது. ஆய்வகமே தரும் கிருமிநீக்கிய பாட்டிலை வாங்கிவந்து, குழாய் வாயைத் துடைத்து நெருப்பில் காட்டி, இரண்டு நிமிடம் நீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறம் விரல் படாமல் பிடிக்க வேண்டும். அந்தப் பாட்டிலை அலசக் கூடாது. குளோரினை முறிக்கும் மருந்து ஏற்கனவே அதில் இருக்கும். பனிக்கட்டியோடு வைத்து அன்றைக்கே ஒப்படைத்துவிட வேண்டும். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்த பாட்டிலின் முடிவு யாருக்கும் பயன்படாது.

புளோரைடு ஒரு கிணற்றில் நாளுக்கு நாள் மாறுவதில்லை. ஒரு முறை கோடையிலும் ஒரு முறை மழைக்குப் பிறகும் பார்த்துவிட்டால் அந்தக் கிணற்றின் குணம் தெரிந்துவிடும். அதிகம் என்று தெரிந்தால் கொதிக்க வைப்பதில் பலனில்லை. நீர் வற்ற வற்றப் புளோரைடின் செறிவு கூடவே செய்யும். அங்கே வேறு நீரோ ஆர்.ஓ.வோதான் வழி. கிருமி விஷயம் இதற்கு நேர் எதிர். நேற்று இல்லாதது இன்று வரும். முதல் பெருமழைக்குப் பிறகு, தெருவில் குழாய்க்குக் குழி தோண்டிய பிறகு, வெள்ளம் வடிந்த பிறகு, சம்ப் கழுவிய பிறகு என்று அந்தந்த வேளையில் பார்க்க வேண்டும். ஆனால் அதற்குக் கொதிக்க வைப்பதே நல்ல மருந்து: நீர் நன்றாகத் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும், மில்வாக்கியைப் படுக்க வைத்த அந்த ஒட்டுண்ணியும் செத்துவிடும்.